ஒரு கல்யாண ஆர்டரும் இரண்டு சராசரிகளும்

இட்லி மாவு அரைத்து விற்கும் சின்னக் கடை ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கிலோ பாக்கெட் கணக்கில் அதன் பத்து நாள் விற்பனை இது: 40, 42, 38, 41, 39, 40, 43, 37, 40, 240. பத்தாவது நாள் ஒரு கல்யாண வீட்டுக்காரர் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். பக்கத்துக் கடைகளிலும் வாங்கிச் சேர்த்து, 200 பாக்கெட்டைக் கூடுதலாகக் கொடுத்தனுப்பினார் கடைக்காரர். பதினோராவது நாளுக்கு எத்தனை பாக்கெட் போடலாம்? ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

எக்செலில் AVERAGE என்று போட்டால் 60 வரும். MEDIAN என்று போட்டால் 40 வரும். முதலாவது நாம் வழக்கமாகச் சொல்லும் சராசரி. இரண்டாவது இடைநிலை, அதாவது எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. ஒரே பத்து எண்களிலிருந்து வந்த இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே இருபது பாக்கெட் வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுவதும் ஒற்றைக் கல்யாண ஆர்டரால் வந்தது.

மின்சாரத் தேவை, மருந்துக் கையிருப்பு, ஏ.டி.எம்.மில் நிரப்ப வேண்டிய பணம் என்று எதை முன்கூட்டிக் கணித்தாலும் இந்த இழுபறி வந்தே தீரும். கணினிக்கு முன்கணிப்பைக் கற்றுக்கொடுப்பவர்கள், தப்பாகச் சொன்னால் அதற்கு எவ்வளவு அபராதம் என்று முதலில் ஒரு விதி வகுக்கிறார்கள். மொத்த அபராதம் எங்கே மிகக் குறைவோ, அந்த விடையில் போய் நிற்பதுதான் கணினியின் வேலை. அதிகம் புழங்கும் விதிகள் இரண்டு. ஒன்றில், பிழை எவ்வளவோ அபராதமும் அவ்வளவே. இதன் சராசரியை எம்.ஏ.இ. என்கிறார்கள். மற்றொன்றில் பிழையின் வர்க்கம், அதாவது பிழையைப் பிழையாலேயே பெருக்கி வருவது அபராதம். இதன் சராசரி எம்.எஸ்.இ.

எப்போதாவது ஒரு பெரிய எண் குறுக்கே வரும் தரவுக்கு எதைப் பயன்படுத்துவது? "வர்க்கம் போட்டால் அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும், எம்.ஏ.இ. போடுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. அது பாதிதான் சரி. இந்த இரண்டு விதிகளும் ஒரே கேள்விக்கு விடை தேடுவதில்லை. மீதிப் பாதி புரிய வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு அபராதம், இரண்டு விடை

நாளைக்கு 40 என்று சொல்வதாக வைத்து, கடந்த பத்து நாளுக்கும் அபராதம் போட்டுப் பார்ப்போம். சாதாரணமான ஒன்பது நாட்களில் பிழை 0, 2, 2, 1, 1, 0, 3, 3, 0. கூட்டினால் 12. கல்யாண நாளில் பிழை 200. ஆக மொத்தம் 212. இப்போது 60 என்று சொல்லிப் பார்ப்போம். ஒன்பது நாட்களிலும் ஏறக்குறைய இருபது இருபதாகப் பிழை சேர்ந்து 180 ஆகிறது. கல்யாண நாளில் இன்னொரு 180. மொத்தம் 360. எம்.ஏ.இ. விதிப்படி 40 வெகு எளிதாக ஜெயிக்கிறது.

அதே பிழைகளை வர்க்கப்படுத்தினால் கதை மாறிவிடுகிறது. 40-க்கு ஒன்பது நாட்களும் சேர்ந்து வெறும் 28 அபராதம், கல்யாண நாளுக்கு மட்டும் 40,000. மொத்தம் 40,028. 60-க்கு ஒன்பது நாட்களில் 3,628, கல்யாண நாளில் 32,400. மொத்தம் 36,028. இப்போது 60 ஜெயித்துவிட்டது. ஒன்பது நாள் தப்பாகச் சொன்னதற்கான தண்டனையை விட, பத்தாவது நாளில் பிழையைக் கொஞ்சம் குறைத்ததற்கான சலுகை பெரிது.

ஏன் ஒரு விதி மிகச் சரியாகச் சராசரியிலும் மற்றது மிகச் சரியாக இடைநிலையிலும் போய் நிற்கின்றன? விடையைக் கயிறுகளால் கட்டி ஒவ்வொரு நாளும் தன் பக்கம் இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வர்க்க விதியில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அவ்வளவு பலமாக ஒரு நாள் இழுக்கும். 60 என்ற இடத்தில் ஒன்பது நாட்களும் சேர்ந்து இடப்பக்கம் 180 பலத்தோடு இழுக்கின்றன. கல்யாண நாள் ஒற்றையாளாக வலப்பக்கம் 180 பலத்தோடு இழுக்கிறது. அங்கேதான் கயிறு அசையாமல் நிற்கும். மற்ற விதியில் தூரத்துக்கு மதிப்பே கிடையாது. ஒரு நாளுக்கு ஓர் ஆள் பலம், அவ்வளவுதான். இடப்பக்கம் எத்தனை பேரோ வலப்பக்கமும் அத்தனை பேர் இருக்கும் இடத்தில் கயிறு நிற்கும். நம் கடையில் 40-க்குக் கீழே மூன்று நாட்கள், மேலே நான்கு நாட்கள், மிச்சம் மூன்றும் 40-லேயே நிற்கின்றன. அதனால் கயிறு அங்கிருந்து நகராது.

கல்யாண நாளின் விற்பனை 240-க்குப் பதில் 2,400 பாக்கெட்டாக இருந்தாலும் இடைநிலை 40-லேயே இருக்கும். சராசரியோ 276-க்குத் தாவிவிடும். எம்.ஏ.இ. உறுதியானது என்று சொல்வது இதைத்தான். ஆனால் இதையே திருப்பியும் பார்க்கலாம். கல்யாண ஆர்டர் எவ்வளவு பெரியது என்பதை எம்.ஏ.இ. கண்டுகொள்வதே இல்லை.

இந்தப் போட்டி கணினிக்கு வெகு காலம் முந்தியது. பூமியின் வடிவத்தைக் கண்டறிய எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவராதபோது, பிழைகளின் கூட்டுத்தொகையைக் குறைக்கலாம் என்ற யோசனையை 1757-இல் முன்வைத்தவர் பாஸ்கோவிச். வால்மீன்களின் பாதையைக் கணக்கிடும் நூலில், 1805-இல், பிழைகளின் வர்க்கங்களைக் குறைக்கும் முறையை வெளியிட்டார் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர். பின்னால் வந்ததுதான் உலகெங்கும் பரவியது. காகிதத்திலும் பேனாவிலும் கணக்குப் போட்ட காலத்தில், வர்க்கத்துக்கு நேரடியான சமன்பாடு கிடைத்தது. மற்றதற்கு அப்படி ஒரு சுலப வழி இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்று பலரும் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் மென்பொருளின் முன்கணிப்புக் கருவிகளில், நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் பெரும்பாலும் `squared_error` என்பதைத்தான் அதுவாக எடுத்துக்கொள்கிறது. நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைத்திருக்கும்போதே சராசரியைத் தேர்ந்தெடுத்திருப்போம்.

60 யாருக்குப் பயன்படும்?

கடைக்காரரின் கண்ணில் 60 என்பது கோமாளித்தனமான எண். அவர் கடையில் ஒருநாள்கூட 60 பாக்கெட் விற்றதில்லை. தினமும் 60 போட்டால் சாதாரண நாட்களில் இருபது பாக்கெட் புளித்து வீணாகும். கல்யாணக்காரர் வந்து நிற்கும் நாளிலோ அப்போதும் 180 குறையும். எந்த நாளுக்கும் பொருந்தாத எண் அது.

தினசரி மாவு போடுவதற்கு இடைநிலையும் கடைசி வார்த்தை அல்ல. மிஞ்சினால் வரும் நஷ்டமும் பற்றாமல் போனால் வரும் நஷ்டமும் சமமாக இருந்தால்தான் நடு எண் பொருந்தும். ஒரு பாக்கெட் மிஞ்சினால் ஒரு பங்கு நஷ்டம், ஒரு பாக்கெட் பற்றாமல் போய் வாடிக்கையாளர் திரும்பினால் மூன்று பங்கு நஷ்டம் என்று வைப்போம். அப்போது நிற்க வேண்டிய இடம், நூற்றுக்கு எழுபத்தைந்து நாட்களுக்குப் போதுமான எண். நம் பத்து நாட்களை வரிசைப்படுத்தினால் அது 42. அந்தக் கணக்கில் 42 போட்டால் பத்து நாள் நஷ்டம் 616 பங்கு, 60 போட்டால் 720. பற்றாக்குறையை மூன்று மடங்கு கசப்பாகக் கருதியும் 60 தேறவில்லை. எம்.ஏ.இ.யை இப்படி ஒரு பக்கம் சாய்த்துப் போடும் அபராதத்துக்குக் குவாண்டைல் இழப்பு என்று பெயர். பெரும்பாலான மென்பொருள்களில் அது தயாராகவே இருக்கிறது.

அப்படியானால் 60 உதவாத எண்ணா? அதே கடைக்காரர் அரிசி மண்டிக்குப் போகும்போது அது உயிர்பெறுகிறது. அடுத்த பத்து நாளும் இதே மாதிரி இருக்குமென்றால், மொத்தம் எத்தனை கிலோ மாவுக்கு அரிசியும் உளுந்தும் வாங்க வேண்டும்? பத்தை 60-ஆல் பெருக்கினால் 600. உண்மையில் விற்றதும் 600. பத்தை 40-ஆல் பெருக்கினால் 400. இருநூறு பாக்கெட் விற்பனை கணக்கிலேயே இல்லாமல் காணாமல் போகிறது. சராசரிகளைக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். இடைநிலைகளைக் கூட்டினால் மொத்தத்தின் இடைநிலைகூடக் கிடைக்காது. வருமானம், வரிப்பணம், வங்கிக்கடன் தவணை, மாதச் சரக்கு என்று கூட்டிப் பார்க்க வேண்டிய எதற்கும் எம்.ஏ.இ. கொடுத்த எண்களை அப்படியே கூட்டுவது ஆபத்து. பெரிய நாட்கள் ஒரு பக்கமாக மட்டுமே வரும் வியாபாரத்தில், அந்தக் கூட்டுத்தொகை எப்போதும் குறைவாகவே வந்துகொண்டிருக்கும்.

ஆக, ஒரே கடைக்கு இரண்டு எண்களும் தேவை. கிரைண்டர் பக்கம் நிற்கும்போது 40 அல்லது 42. மண்டியில் நிற்கும்போது நாளுக்கு 60. எந்த அபராதம் நல்லது என்ற கேள்விக்கு, அந்த எண்ணை வைத்து அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது தெரியாமல் விடை சொல்ல முடியாது.

பிழையா, நிகழ்வா?

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 240 எப்படி வந்தது? பில் போட்டவர் 24-க்குப் பதிலாக ஒரு பூஜ்யத்தைத் தவறாகச் சேர்த்திருக்கலாம். அப்படியென்றால் அது விற்பனையே அல்ல. திருத்த வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகளில் எது எழுத்துப்பிழை என்று தேட முடியாத நிலையில், எம்.ஏ.இ. நிஜமாகவே நல்ல பாதுகாப்பு. எவ்வளவு பெரிய தவறான எண்ணாக இருந்தாலும் அதற்கு ஓர் ஆள் பலம்தான்.

இன்னொரு வகை, முன்கூட்டியே தெரிந்த நிகழ்வு. கல்யாண வீட்டார் ஒரு வாரம் முன்பே சொல்லி அட்வான்ஸ் கொடுத்திருந்தால், அந்த 200-ஐ அபராத விதியை வைத்துச் சமாளிக்கவே வேண்டாம். ஆர்டரைத் தனிப் பத்தியில் எழுதி, அன்றாட விற்பனையைத் தனியாகக் கணிக்கலாம். முகூர்த்த நாள், பண்டிகை, சம்பள நாள் போன்றவற்றைக் கணினிக்குத் தனிக் குறிப்பாகக் கொடுத்தால், பெரிய எண்ணாகத் தெரிந்தவற்றில் பல சாதாரண எண்களாகிவிடும். அபராதத்தை மாற்றிப் பார்ப்பதை விட இந்த வேலை அதிகம் பலன் தரும்.

கடைசி வகைதான் கடினமானது: நிஜமாக நடந்தது, ஆனால் முன்கூட்டித் தெரியாதது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. மற்ற நாட்களின் எண்களோடு சேர்த்துப் பார்த்தால் அது விலகி நிற்கும் எண்தான். ஆனால் அதை நீக்கிவிட்டுச் செய்யும் மழைக் கணக்கால் யாருக்கு என்ன பயன்? இத்தகைய எண்ணை அழிக்கவும் கூடாது, எம்.ஏ.இ.யின் பின்னால் மறைக்கவும் கூடாது. அதே சமயம் வர்க்க அபராதம் போட்டாலும் அந்த நாளை அது முன்கூட்டிச் சொல்லிவிடாது. எல்லா நாட்களின் கணிப்பையும் கொஞ்சம் கொஞ்சம் தூக்கிவிடும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாட்கள் எவ்வளவு அடிக்கடி வரும், வந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைத் தனிக் கேள்வியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை எண் கணிப்பில் அதற்கு விடை இல்லை.

பூஜ்யம் ஜெயிக்கும் பொறி

எம்.ஏ.இ.யை யோசிக்காமல் போட்டால் விழும் குழி எது என்று ஒரு மருந்துக்கடையை வைத்துப் பார்க்கலாம். அரிதாகக் கேட்கப்படும் ஒரு மருந்தின் பத்து நாள் விற்பனை: 0, 0, 3, 0, 0, 0, 5, 0, 2, 0. மொத்தம் பத்து அட்டை, நாளுக்குச் சராசரி ஒன்று. நாளைக்கு ஒன்று என்று சொன்னால், விற்காத ஏழு நாட்களில் பிழை 7, விற்ற மூன்று நாட்களில் 2, 4, 1. கூட்டினால் மொத்தம் 14. நாளைக்குப் பூஜ்யம் என்று சொன்னால் மொத்தப் பிழை 10 மட்டுமே. பாதிக்கு மேற்பட்ட நாட்கள் பூஜ்யமாக இருந்தால் இடைநிலையும் பூஜ்யம்தான். எந்தச் சரக்கும் வைக்காத காலி அலமாரிக்கு எம்.ஏ.இ. முதல் பரிசு கொடுக்கிறது. வர்க்கத்தில் பூஜ்யத்துக்கு 38, ஒன்றுக்கு 28. அங்கே ஒன்று ஜெயிக்கிறது.

இந்தப் பொறியை மக்ரிடாகிஸ் குழுவினர் 2020-இல் நடத்திய எம்5 முன்கணிப்புப் போட்டி நேராக எதிர்கொண்டது. வால்மார்ட்டின் பத்துக் கடைகளில் 3,049 பொருட்கள் அடுத்த 28 நாட்களில் எவ்வளவு விற்கும் என்று சொல்ல வேண்டும். பல பொருட்கள் பெரும்பாலான நாட்களில் விற்பதே இல்லை. அதற்கு முந்தைய எம்4 போட்டியில் மதிப்பெண் போட்டது வர்க்கமில்லாப் பிழைகளை வைத்துத்தான். எம்5-இல் அதை விட்டுவிட்டு, வர்க்கப் பிழையிலிருந்து பிறந்த ஓர் அளவுக்கு மாறினார்கள். பூஜ்யத்தை ஒட்டிச் சொல்பவர்களுக்கு வர்க்கமில்லா அளவு பரிசு கொடுத்துவிடும், கண்டறிய வேண்டியதோ சராசரித் தேவை என்பதுதான் காரணம். விற்பனை திடீரென ஏறும் நாட்கள் அந்தத் தரவிலும் உண்டு. இருந்தும் அவர்கள் போனது வர்க்கத்தின் பக்கம்.

நடுவழி

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையை 1964-இல் போட்டவர் புள்ளியியலாளர் பீட்டர் ஹூபர். பிழை ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை வர்க்க அபராதம், எல்லை தாண்டினால் சாதாரண அபராதம். கயிற்றுக் கணக்கில் சொன்னால், ஒரு நாள் எவ்வளவு பலமாக இழுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்தாயிற்று. நம் மாவுக் கடையில் எல்லையை 5 என்று வைத்தால் விடை 40.6. எல்லையை 50 ஆக்கினால் 45.6. எல்லை ஏற ஏற அது 60-ஐ நோக்கி நகரும்.

எழுத்துப்பிழையும் நல்ல எண்களும் கலந்து கிடக்கும் தரவுக்கு இது மிக வசதி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இங்கே கிடைப்பது சராசரியும் அல்ல, இடைநிலையும் அல்ல. பத்து நாளைக் கூட்டிப் பார்த்தால் 406 அல்லது 456 வரும், 600 வராது. எல்லையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பும் நம் தலையில் விழுகிறது. மொத்தம் முக்கியமில்லாத இடத்தில்தான் ஹூபரை நிம்மதியாகப் பயன்படுத்தலாம்.

தவறைக் கண்டுபிடிப்பது எப்படி?

தேர்வு சரியா என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கணிதம் வேண்டாம். ஒரு மாதக் கணிப்புகளையும் அந்த மாதத்தில் உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு காரியம் செய்தால் போதும். முதலில், இரண்டு பத்திகளையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். கணிப்பின் கூட்டுத்தொகை மாதாமாதம் குறைவாகவே வந்தால், சராசரி வேண்டிய இடத்தில் இடைநிலை உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, எத்தனை நாட்களில் கணிப்பு கூடுதலாகவும் எத்தனை நாட்களில் குறைவாகவும் இருந்தது என்று எண்ணுங்கள். பத்தில் ஒன்பது நாள் கூடுதலாகவே சொல்லியிருந்தால், ஒன்றிரண்டு பெரிய நாட்கள் கணிப்பை மேலே இழுத்து வைத்திருக்கின்றன. கூட்டுத்தொகை சரியாக இருப்பது மண்டிக்கு நல்லது. எண்ணிக்கை பாதிக்குப் பாதியாக இருப்பது, மிச்சமும் பற்றாக்குறையும் சமமாக வலிக்கும் கிரைண்டருக்கு நல்லது. சாய்ந்த தரவில் ஒரே கணிப்பு இரண்டிலும் தேறாது. தேற வேண்டுமென்று எதிர்பார்ப்பதே தவறு.

இரண்டு முறைகளை ஒப்பிடும்போதும் ஒரு கவனம் வேண்டும். எம்.ஏ.இ.யால் பயிற்றுவித்ததை எம்.எஸ்.இ.யால் அளந்துவிட்டு, அது மோசம் என்று தீர்ப்பெழுதுவது அடிக்கடி நடக்கிறது. இடைநிலையைச் சொல்லும்படி கேட்டுவிட்டு, ஏன் சராசரியைச் சொல்லவில்லை என்று திட்டுவதற்குச் சமம் அது. பயன்படுத்தும் அளவு எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும் என்று புள்ளியியலாளர் டில்மன் நைட்டிங் 2011-இல் எழுதிய கட்டுரை வலியுறுத்துகிறது. அல்லது சராசரியா இடைநிலையா, எது வேண்டும் என்பதையாவது கணிப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் "நாளைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால், எந்த விடையையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல வழியில்லை.

வர்க்கத்தால் அளக்கும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 40 என்ற கணிப்புக்கு வந்த 40,028 அபராதத்தில் 40,000 ஒரே நாளுடையது. அந்த மதிப்பெண் மற்ற ஒன்பது நாட்களைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை. இரண்டு முறைகளில் எது மேல் என்பதை அந்த ஒரே நாள் தீர்மானித்துவிடுகிறது. அதனால் பெரிய நாளைச் சேர்த்து ஒரு முறையும், அதை ஒதுக்கிவைத்து ஒரு முறையும் மதிப்பெண் போடுங்கள். இரண்டிலும் ஒரே முறை ஜெயித்தால் கவலையில்லை. ஒன்றில் ஒன்றும் மற்றதில் மற்றதும் ஜெயித்தால், கையில் இருப்பது ஒரே ஒரு நாளின் சாட்சி மட்டுமே. அதை வைத்து முறையை மாற்றாமல், இன்னும் சில பெரிய நாட்களின் கணக்கு சேரும்வரை காத்திருப்பதுதான் நியாயம்.